மூன்றும் மூன்றும் ஆறு: பாலிடெக்னிக் வழியாக பி.இ.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே தமிழ்நாட்டின் வீடுகளில் தொடங்கிவிடும் விவாதம் இது. "பிளஸ் ஒன்னா, பாலிடெக்னிக்கா?" பாலிடெக்னிக் என்றதும், "இன்ஜினீயர் ஆக நெனச்ச பையன டிப்ளமாவோட நிறுத்தப் போறீங்களா?" என்று யாராவது ஒருவர் கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல விரல்விட்டு எண்ணினாலே போதும். பிளஸ் டூ இரண்டு ஆண்டு, பி.இ. நான்கு ஆண்டு. ஆக ஆறு. டிப்ளமா மூன்று ஆண்டு, அதை முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்வதால் இன்னொரு மூன்று. இதுவும் ஆறுதான். பாலிடெக்னிக் வழியில் போகிறவருக்குப் பாதி வழியிலேயே, வேலைக்குப் போகத் தகுதியான ஒரு சான்றிதழும் கையில் இருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று சேர்க்கை. மற்றொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாத கணக்குப் பாடம்.

முதலாண்டில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். நுழைவுத்தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை தயாராகிறது. பிளஸ் டூவில் அறிவியல் பாடங்களையோ தொழிற்கல்விப் பிரிவையோ முடித்தவர்களும், பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களும் டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பிளஸ் டூவுக்குப் பிறகு இந்தப் பக்கம் வருகிறவருக்கு, டிப்ளமா வழியாக பி.இ. வரை போக மொத்தம் ஏழு ஆண்டு ஆகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

அரசு பாலிடெக்னிக் சேர்க்கையைச் சென்னை கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. விண்ணப்பம் tnpoly.in இணையதளம் வழியாக. வீட்டில் கணினி இல்லாதவர்கள் பக்கத்து அரசு பாலிடெக்னிக்கில் உதவி கேட்கலாம்.

இடம் எப்படிப் பிரிகிறது என்பதில்தான் பெற்றோருக்குப் பெரும் குழப்பம். 60 இடங்கள் உள்ள ஒரு பிரிவை எடுத்துக்கொள்வோம். பொதுப்பிரிவு 31 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 சதவீதம். 60 இடத்தில் இதைப் போட்டால் பொதுப்பிரிவுக்கு ஏறக்குறைய 18, பிற்படுத்தப்பட்டோருக்கு 16 இடங்கள் வரும். பொதுப்பிரிவு என்பது 'முன்னேறிய சாதிக்கு' ஒதுக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்த 18 இடங்கள் எந்தச் சாதியானாலும் மதிப்பெண்ணில் முன்னால் நிற்பவர்களுக்கு உரியவை. அவை நிரம்பிய பிறகுதான் ஒவ்வொரு பிரிவுக்குமான ஒதுக்கீடு தொடங்கும்.

பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவி, அந்தப் பிரிவை விரும்பியவர்களின் வரிசையில் 40ஆவது இடத்தில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் 18 பேர் பொதுப்பிரிவில் போய்விட்டார்கள். அவர்களிலேயே பத்துப் பேர் பிற்படுத்தப்பட்டோராக இருந்தாலும் அவள் வகுப்புக்கான 16 இடங்களில் ஒன்றுகூடக் குறையாது. 19 முதல் 39 வரை உள்ளவர்களில் அவள் வகுப்பைச் சேர்ந்தோர் 15 பேரோ அதற்குக் குறைவோ என்றால் அவளுக்கு இடம் உறுதி. 16 பேர் இருந்துவிட்டால், முன்னால் இருப்பவர் யாராவது விலக வேண்டும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் கவுன்சலிங்குக்குப் போனால் இந்த 16 இடங்களின் கதவு அவளுக்குத் திறக்காமலே போகலாம். முடிவு வந்த பிறகு சான்றிதழுக்கு அலைவதைவிடத் தேர்வு எழுதும் காலத்திலேயே வாங்கி வைப்பது நல்லது.

கம்ப்யூட்டர் போன்ற பிரிவுகள் சீக்கிரம் நிரம்பிவிடும். சிவிலும் மெக்கானிக்கலும் அத்தனை வேகமாக நிரம்புவதில்லை. அதனால் மதிப்பெண் குறைந்தவர்களும் அரசுக் கல்லூரியைக் கைவிட வேண்டியதில்லை, பிரிவை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும். அரசில் கிடைக்காதபோது சேலம் தியாகராஜர், பொள்ளாச்சி நாச்சிமுத்து போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகள் அடுத்த வரிசையில் நிற்கின்றன. தனியாரில் சேருமுன் அந்தக் கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். 'டிப்ளமா' என்று பலகை மாட்டியிருக்கும் எல்லா நிறுவனமும் பாலிடெக்னிக் அல்ல. அங்கே வாங்கும் சான்றிதழை வைத்துக்கொண்டு பி.இ.க்குப் போக முடியாது.

இனி மூன்றாண்டு கழித்து வரும் கட்டம். டிப்ளமா முடித்தவர்களுக்கான லேட்டரல் என்ட்ரி சேர்க்கையைப் பல ஆண்டுகளாகக் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்திவருகிறது. tnlea.com அதற்கான தளம். ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி டிப்ளமாவில் 45 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. ஒவ்வொரு பொறியியல் பிரிவிலும் அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதம் கூடுதலாக இவர்களுக்கு உண்டு. 60 பேர் வகுப்பென்றால் 6 பேர். அதோடு முதலாண்டில் காலியாகக் கிடந்த இடங்களும் சேரும். நல்ல பெயருள்ள கல்லூரியில் காலியிடமே இருக்காது என்பதால் அங்கே போட்டி அந்த ஆறு இடங்களுக்குத்தான். டிப்ளமாவில் எடுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் விலை அங்கே தெரியும். அரியர் வைத்திருப்பவருக்கு அந்த ஆண்டு கதவே திறக்காது. ஆறு ஏழாகிவிடும்.

சேர்ந்த பிறகுதான் கணக்கு காத்திருக்கிறது. பிளஸ் டூ வழியாக வந்தவர்கள் மேல்நிலையில் இரண்டாண்டு, பி.இ. முதலாண்டில் இரண்டு செமஸ்டர் என்று கணக்கைத் தொடர்ச்சியாகப் படித்திருப்பார்கள். டிப்ளமாக்காரர் கணக்கை முதலாண்டோடு ஏறக்குறைய மூட்டைகட்டியிருப்பார். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பல பிரிவுகளுக்கு மூன்றாம் செமஸ்டரில், அதாவது இவர் கல்லூரிக்குள் நுழைந்த முதல் செமஸ்டரிலேயே, உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் வந்து நிற்கும். பட்டறையில் லேத்தை லாவகமாக ஓட்டும் மாணவர் அரியர் வாங்குவது பெரும்பாலும் இங்கேதான். டிப்ளமா இறுதித் தேர்வுக்கும் பி.இ. வகுப்புக்கும் இடையில் கிடைக்கும் வாரங்களில் வகை நுண்கணிதத்தையும் தொகை நுண்கணிதத்தையும் பிளஸ் டூ புத்தகத்தை வைத்து மீண்டும் போட்டுப் பார்ப்பவர் தப்பித்துவிடுவார். மாநிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எல்லோரும் உடனே பி.இ.க்குப் போக வேண்டும் என்பதும் இல்லை. எஸ்.எஸ்.சி., ரயில்வே நடத்தும் இளநிலைப் பொறியாளர் தேர்வுகளுக்கு டிப்ளமா தகுதியே போதும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்குக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் மாலைநேரப் பகுதிநேர பி.இ. உண்டு. கணிதம் படித்த டிப்ளமாக்காரர்கள் நாட்டா தேர்வெழுதி பி.ஆர்க். சேரவும் வழியிருக்கிறது. தொலைநிலைக் கல்வியில் பி.இ. தருவதாகச் சொல்பவர்களிடம் மட்டும் பணம் கட்டக் கூடாது. பொறியியலை அஞ்சல் வழியில் நடத்துவதை 2017இல் உச்ச நீதிமன்றமே ஏற்க மறுத்துவிட்டது.

மருத்துவக் கனவு ஓரத்தில் கொஞ்சமேனும் ஒட்டியிருக்கும் பிள்ளையை பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டாம். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியலுடன் பிளஸ் டூ வேண்டும். டிப்ளமா அதற்கு ஈடாகாது.