பத்து சதவீதம் என்பது எத்தனை சதவீதம்?

மகள் கல்யாணச் செலவுக்கு 2 லட்ச ரூபாய் தனிநபர் கடன் வேண்டும், மூன்று வருடத்தில் கட்டிவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 12 சதவீதம் என்கிறது. பைனான்ஸ் கம்பெனிக்காரர் 10 சதவீதம்தான் என்கிறார். எது மலிவு?

வங்கி சொல்வது குறைந்துவரும் அசலுக்கான வட்டி. மாதத் தவணை சுமார் 6,643 ரூபாய். மொத்த வட்டி 39,000 சொச்சம். பைனான்ஸ்காரர் சொல்வது ஃப்ளாட் வட்டியாக இருந்தால், அசலில் பாதியைக் கட்டிய பிறகும் முழு 2 லட்சத்துக்கே வட்டி ஓடும். தவணை 7,222, மொத்த வட்டி 60,000. வங்கிக் கணக்குப்படி பார்த்தால் இது 18 சதவீதத்துக்குக் கிட்ட வருகிறது. இதோடு 3 சதவீதப் பிராசசிங் கட்டணத்தையும் ஜி.எஸ்.டி.யையும் பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 1,92,920 ரூபாய்தான். அப்போது உண்மையான வட்டி 20 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இந்த உண்மையான விகிதத்துக்குப் பெயர் ஏ.பி.ஆர். கடன் கொடுப்பது வங்கியோ நிதி நிறுவனமோ, கையெழுத்துக்கு முன்பே இதைக் குறிப்பிட்டு கே.எஃப்.எஸ் என்ற விவர அறிக்கையைத் தர வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு இதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து அந்த ஒரு வரியை ஒப்பிட்டாலே போதும்.

நிதி நிறுவனங்கள் பொதுவாக அதிக வட்டி கேட்பதற்குக் காரணம் உண்டு. வங்கிக்கு சேமிப்புக் கணக்குப் பணம் மலிவாகக் கிடைக்கிறது. நிதி நிறுவனங்களுக்கு அந்த வழி இல்லை. பெரும்பாலும் வங்கிகளிடமும் சந்தையிலும் கடன் வாங்கித்தான் நமக்குக் கொடுக்கின்றன. சம்பளச் சீட்டு இல்லாத கடைக்காரர், சிபில் மதிப்பெண் குறைந்தவர் என்று வங்கி தயங்குகிறவர்களுக்கும் கொடுப்பதால், வராக்கடன் அபாயத்தையும் வட்டியில் சேர்த்துவிடுகின்றன. வங்கியில் கிடைக்காதவருக்கு இது நியாயமான வழி. கிடைக்கிறவருக்கு, பணம் இரண்டு நாள் முன்னதாக வருவதற்கான விலை இது.

முன்கூட்டியே அடைக்கும் எண்ணம் இருந்தால் அந்தக் கட்டணத்தையும் பாருங்கள். மாறும் வட்டியில் வாங்கிய தனிநபர் கடனுக்கு அதை வசூலிக்கக் கூடாது. ஆனால் தனிநபர் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில்தான் வருகின்றன. மேலே சொன்ன பைனான்ஸ் கடனை ஒரு வருடத்தில் முடிக்கப் போனால் ஏறக்குறைய 1,45,000 ரூபாய் பாக்கி நிற்கும்; 4 சதவீதக் கட்டணம் என்றால் 5,800 ரூபாய் தண்டம்.

இரு தரப்பையும் கண்காணிப்பது ரிசர்வ் வங்கிதான். பெயர் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in வழியே குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் 100 கோடிக்குக் குறைந்த சொத்துள்ள, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்காத சிறு நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டுக்குள் வராது. வட்டியில் அரை சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்று அப்படி ஒரு நிறுவனம் அழைத்தால், இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.