மீண்டும் பள்ளிக்கு – 9: ஜனவரியில் தொடங்க வேண்டிய ஜூன்

சென்ற வாரம், கோடை விடுமுறையில் நூற்பாலைகளுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட்களைப் பார்த்தோம். இந்த வாரம், அப்படிப் போன ஒரு பெண்ணைத் திரும்பக் கூட்டி வருவது எப்படி என்று பார்க்கலாம். இவள் ஒரே பெண் அல்ல. திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்து ஆலைகளுக்குப் போகும் பெண்களிடம் அடிக்கடி காணும் நிலைமைகளை ஒருத்தியின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன். தொகைகளும் அப்படித்தான், திட்டம் போடும் முறைக்காகத் தந்தவை.

ஒன்பதாம் வகுப்புத் தேறிய கையோடு, மே மாதம் “லீவுக்கு மட்டும்” என்று ஆலை விடுதிக்குப் போனாள். அப்போது வயது பதினைந்துகூட நிறையவில்லை. ஜூனில் திரும்பவில்லை. இப்போது இருபது மாதம் ஆகிவிட்டது. வயது பதினாறு தாண்டிவிட்டது. எட்டு மணி நேரம் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த இழைகளைப் பிடித்து ஒட்டுவதுதான் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு படிந்திருக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள் ஒன்றுதான் கேட்டாள். “எப்படியாவது பத்தாவது எழுதிடணும்க்கா.”

இப்படிக் கேட்கிற பெண்ணுக்கு ஊக்கம் தரும் பேச்சு தேவையில்லை. ஆசை அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டுக் கடன், பள்ளிக் கணினியில் அவள் பெயர் இருக்கும் நிலை, தலைமையாசிரியரின் தயக்கம் ஆகிய மூன்றும் ஜூனுக்குள் சரியாக வேண்டும். அதனால்தான் வேலையை ஜனவரியிலேயே ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

முதலில் கடன். “குழுக் கடன் முடியட்டும், அப்புறம் படிக்கட்டும்” என்றார் அம்மா. எந்தத் தேதியில் முடியும் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. தவணை அட்டையை வாங்கிப் பார்த்தால் வாரம் 650 ரூபாய், இன்னும் 22 வாரம். மொத்தம் 14,300. பெண் ஆலையில் இருந்தே ஆக வேண்டும் என்று வீடு நம்பியதற்குக் காரணம் இந்தத் தொகைதான். ஆனால் சம்பளம் முழுவதையும் கடனோடு சேர்த்தே பார்ப்பதால், அவள் வேலையை விட்டால் குடும்பமே நின்றுவிடும் என்று தோன்றுகிறது.

அவளுக்குச் சாப்பாடு, விடுதிப் பிடித்தம் போக மாதம் 6,500 கைக்கு வருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை 19,500. அதில் 12 வாரத் தவணைக்கு 7,800 போகும். மீதி 10 வாரத்துக்கான 6,500-ஐத் தனியே எடுத்து அம்மாவின் தபால் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டால், ஏப்ரல் முதல் வாரம் அவள் வீட்டில் இருக்கலாம்; கடனும் ஜூனுக்குள் முடிந்துவிடும். மிச்சம் 5,200 வீட்டுச் செலவுக்கு. அந்த மூன்று மாதம் வீடு கஷ்டப்படும் என்பதை அம்மாவிடம் மறைக்கக் கூடாது. இடையில் வேறு குழுவில் புதுக் கடன் எடுத்தால் இந்தக் கணக்கு அன்றைக்கே உடைந்துவிடும். இதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பணமும் இருக்கிறது. ‘மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாக’ என்று சொல்லி ஆலை மாதா மாதம் பிடித்துவைக்கும் 1,000. சுமங்கலித் திட்டம் என்று ஊரில் பேசப்படுவதன் தூண்டில் இதுதான். நடுவில் நின்றால் கிடைக்காது என்ற பயத்தில்தான் பல பெண்கள் மூன்றாம் வருடத்தையும் அங்கேயே கழிக்கிறார்கள். அது அவள் உழைத்த கூலி, பரிசு அல்ல. எழுத்தில் கேட்க வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. திட்டத்தில் அதை வரவாக எழுதாதீர்கள்.

அடுத்தது பள்ளி. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் கைகொடுக்கும். அந்த வயதுக்குள் என்றால், மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பும் சிறப்புப் பயிற்சியும் உண்டு. பதினாறு வயதில் பத்தாம் வகுப்புக்கு வருகிறவளுக்கு அந்தப் பிடி இல்லை. அதனால் பழைய பள்ளிக்கே போவது நல்லது. அவளுடைய எமிஸ் எண்ணைக் கொடுத்து, பெயர் இன்னும் பள்ளிப் பட்டியலில் இருக்கிறதா, பொதுத் தொகுப்புக்கு மாற்றப்பட்டுவிட்டதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். தொகுப்பில் இருந்தால் பள்ளி திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் ஒருவரை உடன் அழைத்துப் போனால் இந்த வேலை சுலபமாகும்.

அப்போதே பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பள்ளிப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆலையில் சேர்க்க ஏஜென்ட் வயதைக் கூட்டிக் காட்டியிருந்தால், அந்தத் தேதி எங்கெல்லாம் ஏறியிருக்கிறது என்று தெரிய வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தவறான தேதி அச்சாகிவிட்டால் பிறகு திருத்த அலையாய் அலைய வேண்டியிருக்கும்.

இனி, தலைமையாசிரியர். “டுடோரியல்ல சேர்த்துத் தனித்தேர்வரா எழுதச் சொல்லுங்களேன்” என்பார். கல்நெஞ்சத்தோடு சொல்வதல்ல; தேர்ச்சி சதவீதம் குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டியவர் அவர்தான். ஆனால் அந்த யோசனையை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தனித்தேர்வராகப் போனால் மதிய உணவு, பஸ் பாஸ், தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆசிரியர் எல்லாம் போய்விடும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியே பதிய வேண்டும். நாளைக்குக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 தரும் புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவிகளுக்கானது. தனித்தேர்வும், 14 வயது நிறைந்தவர்களைச் சேர்க்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் கடைசி வழிகளாக இருக்கட்டும்.

அவருடைய பயத்துக்குப் பதில் மதிப்பெண்ணில்தான் இருக்கிறது. ஒரு பாடத்தில் தேற 35 போதும். கணக்கில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8. அளவுகோலும் காம்பஸும் கையில் பழகினால் இந்த 16 மதிப்பெண் வரும். அது தேர்ச்சியில் கிட்டத்தட்டப் பாதி. அறிவியலில் செய்முறைக்கே 25. ஏப்ரல், மே இரண்டு மாதமும் இவற்றோடு ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம் தினமும் எழுதட்டும். இருபது மாதம் பேனா பிடிக்காத கை முதலில் வேகத்தைத்தான் இழந்திருக்கும். விடை தெரிந்தும் தேர்வு நேரத்துக்குள் முடிக்க முடியாது. மே கடைசியில் தலைமையாசிரியரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். வெறும் சிபாரிசைவிட அவர் அதை மதிப்பார்.

சேர்ந்த பிறகு ஜூலை, ஆகஸ்ட்தான் ஆபத்தான மாதங்கள். ஷிப்டுக்குப் பழகிய உடம்பு மத்தியானம் தூங்கி விழும். தன்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்காரக் கூச்சமாக இருக்கும். இருமல் விடாமல் இருந்தால் பஞ்சுத் தூசியில் வேலை செய்தவள் என்று சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். திங்கட்கிழமை வராமல் இருப்பது முதல் அறிகுறி. காலாண்டுத் தேர்வில் ஒரு தாளை விட்டுவிடுவது அடுத்தது. மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் வகுப்பாசிரியர் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். அங்கே பெண் பார்க்கும் பேச்சு நடந்தால் தயங்காமல் 1098-ஐ அழைக்க வேண்டும்.

உங்கள் தெருவில் பொங்கலுக்கு ஆலையிலிருந்து வந்த பெண் இருந்தால், அவள் பஸ் ஏறுவதற்குள் தவணை அட்டையையும் எமிஸ் எண்ணையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பள்ளி சேர்க்க மறுத்தால் கல்வித் துறையின் உதவி எண் 14417.