வருவேன் என்றவன் வந்துவிட்டானா?

மதுரை ஒத்தக்கடையில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரரின் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் தமிழ், ஆங்கிலம் இரண்டு விடைத்தாள்களையும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். இரண்டிலும் ஒரே இடத்தில்தான் மதிப்பெண் போயிருந்தது: நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் கேள்வி.

தமிழில் வந்த கேள்வி இது: “நான் நாளை உன் வீட்டிற்கு வருவேன்” என்று கண்ணன் முருகனிடம் கூறினான். அவள் எழுதிய விடை: தான் மறுநாள் முருகனின் வீட்டிற்கு வந்ததாகக் கண்ணன் கூறினான். ஆங்கிலத்திலோ ‘ஹீ செட் தட் ஹீ வில் கம்’ என்று எழுதியிருந்தாள்.

“மாத்த வேண்டிய எடத்துல மாத்தல, மாத்தக் கூடாத எடத்துல மாத்திட்டேன் சார்” என்றாள். நோயைச் சரியாகத்தான் சொன்னாள்.

ஆங்கிலத்தில் ‘செட்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டால், உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் போகவேண்டும். ‘வில்’ என்பது ‘உட்’ ஆகும். ‘வென்ட்’ என்பது ‘ஹேட் கான்’ ஆகும். சொன்னவன் பேச்சை, அதைத் திருப்பிச் சொல்பவன் தன் காலத்தில் நின்று பார்ப்பது அந்த மொழியின் பழக்கம். ‘செஸ்’ என்று நிகழ்காலத்தில் தொடங்கினால் இந்த மாற்றம் வேண்டாம். சூரியன் கிழக்கில் உதிக்கிறது போன்ற என்றும் மாறாத உண்மைக்கும் வேண்டாம்.

தமிழ் அப்படிப் பார்ப்பதில்லை. கண்ணன் சொன்ன நொடியில் வருகை இனிமேல் நடக்கவேண்டியது. ஆகவே ‘வருவதாகக் கூறினான்’ என்றுதான் நிற்கும். ‘வந்ததாக’ என்று எழுதினால், அவன் ஏற்கெனவே வந்து போய்விட்டான் என்று பொருள். அதே வாக்கியத்தில் ‘மறுநாள்’ என்றும் இருந்ததால் அவள் விடை தன்னைத்தானே அடித்துக்கொண்டது. இதைப் பிடிக்க ஒரே கேள்வி போதும்: சொல்லும்போது அது நடந்து முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் ‘வந்ததாக’, முடியாவிட்டால் ‘வருவதாக’.

இதில் ஒரு வழுக்கல் உண்டு. ‘வருகிறேன்’, ‘வருவேன்’ இரண்டுமே அயற்கூற்றில் பெரும்பாலும் ‘வருவதாக’ என்றே ஆகிவிடும். அதனால் அயற்கூற்றைத் திருப்பி நேர்க்கூற்றாக்கச் சொன்னால் வினையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அருகில் ‘மறுநாள்’ இருந்தால் ‘வருவேன்’. ‘அப்போது’ இருந்தால் ‘வருகிறேன்’. காலச்சொல்தான் காட்டிக்கொடுக்கும்.

“அப்ப தமிழ்ல எதுதான் சார் மாறும்?”

ஆளும் இடமும் நாளும் மாறும். நான் என்பது தான், நாங்கள் என்பது தாங்கள். இங்கே அங்கே ஆகும், இது அது ஆகும், இன்று அன்று ஆகும், நாளை மறுநாள் ஆகும், நேற்று முந்தைய நாள் ஆகும். ‘உன்’ வந்தால் மட்டும் நிதானிக்க வேண்டும். ‘அவனுடைய வீடு’ என்று எழுதினால் கண்ணன் வீடா, முருகன் வீடா என்று குழம்பும். பெயரையே போட்டுவிடுவது நல்லது. அவள் அதைச் சரியாகவே செய்திருந்தாள்.

எல்லா வாக்கியத்திலும் வினை ‘ஆக’வில் முடியாது. “நாளை வா” என்பது கட்டளை. ‘மறுநாள் வருமாறு கூறினான்’ என்று வரும். “எங்கே போகிறாய்?” என்பது கேள்வி, ‘அவன் எங்கே போகிறான் என்று கேட்டான்’ என்று, வினை முற்றாகவே நிற்கும், விகுதி மட்டும் மாறும். மேற்கோள்குறியும் கேள்விக்குறியும் போய்விட வேண்டும்.

பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. மதுரைப் பேச்சில் இந்த மாற்றத்துக்கு அதிகம் வேலையில்லை. “நாளைக்கு வர்றேன்னு சொன்னான்” என்கிறோம். கண்ணனின் வார்த்தையை அப்படியே எடுத்து ‘ன்னு’ ஒட்டினால் காரியம் முடிந்தது. “வர்றதாச் சொன்னான்” என்பதும் நம் வாயில் வரும், ஆனால் குறைவு. கடையில் அப்பாவிடம் நாளெல்லாம் கேட்கும் பேச்சு ஒரு விதம், தாளில் கேட்பது வேறு விதம். அவள் தடுமாறியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ‘தான் வருவேன் என்று கூறினான்’ என்று பாதி நேராகவும் பாதி அயலாகவும் பலர் எழுதுவதும் இதனால்தான். தாளில் அது தப்பு.

இரண்டாவது டீ வருவதற்குள் ஒன்று கொடுத்தேன்: “நாங்கள் நேற்று இங்கே வந்தோம்” என்று மாணவர்கள் கூறினர். மாணவர்கள் தாங்கள் முந்தைய நாள் அங்கே வந்ததாக கூறினர் என்று எழுதி நீட்டினாள். காலம், ஆள், இடம், நாள் நான்கும் சரி. ‘வந்ததாகக் கூறினர்’ என்று வரவேண்டிய ‘க்’ மட்டும் இல்லை. அதைச் சுழித்துக் கொடுத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டேன்.