ஊஞ்சலும் பாலமும்

சித்திரைப் புத்தாண்டு நாட்களில் மாத்தளைப் பக்கம் செல்வோர், வீட்டு வளவுகளில் மாமரத்திலும் பலாமரத்திலும் ஊஞ்சல் ஆடுவதைக் காண்பர். இரத்தோட்டை வீதியில் அத்தகைய ஊஞ்சல் ஒன்றின் அருகே நாம் சிறிது நேரம் நின்றோம். பருத்த உடலுடைய அண்ணன் அதில் அமர்ந்திருக்க, அவனது எடையில் பாதியும் இராத தங்கை அவனை உந்திக்கொண்டிருந்தாள். முதல் உந்தலில் ஊஞ்சல் ஒரு சாண் தூரமே அசைந்தது. பத்துப் பன்னிரண்டு உந்தல்களுக்குப் பின்னரோ, "போதும் தங்கச்சி, நிற்பாட்டு!" என்று அண்ணன் அலறத் தொடங்கிவிட்டான். அச்சிறுமிக்கு இத்துணை வலிமை எங்கிருந்து வந்தது?

அவள் கையாண்டது வலிமையை அன்று, வேளையை. ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் அதற்கே உரிய அலைவுக் காலம் ஒன்று உண்டு. கயிற்றின் நீளம் 4 மீற்றர் எனில், ஊஞ்சல் ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 4 செக்கன்கள் ஆகும். அதில் அமர்ந்திருப்பவர் குழந்தையாயினும் பெரியவராயினும் இக்கணக்கு பெரிதும் மாறுவதில்லை. அச்சிறுமி ஊஞ்சல் தன்னிடம் வந்து திரும்பும் கணம் வரை காத்திருந்து, அப்போது மட்டுமே உந்தினாள். ஆகவே ஒவ்வோர் உந்தலும் முன்னையதோடு சேர்ந்துகொண்டது. ஊஞ்சல் எதிரே வரும்போது அவள் உந்தியிருப்பாளாயின், சேர்த்து வைத்த ஆட்டம் குறைந்தே போயிருக்கும். இவ்வாறு ஒரு பொருளின் இயல்பான ஆட்டத்தோடு, வெளியிலிருந்து வரும் உந்தல்கள் வேளை ஒத்து அமைவதையே விஞ்ஞானிகள் பரிவு என்பர்.

அப்படியாயின் ஊஞ்சல் வானளாவ உயராதது ஏன்? காற்றும் கயிற்றின் உராய்வும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. ஓர் உந்தல் 5 சதமமீற்றர் வீச்சைச் சேர்க்கிறது என்றும், ஒவ்வோர் ஆட்டத்திலும் வீச்சில் இருபதில் ஒரு பங்கு குறைகிறது என்றும் கொள்வோம். வீச்சு 100 சதமமீற்றரை அணுகும்போது வரவும் செலவும் சமமாகிவிடும். அதற்குமேல் ஊஞ்சல் உயராது. இழப்பு நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்தால், அதே சிறு உந்தல் ஊஞ்சலை இருமடங்கு வீச்சுக்குக் கொண்டுசென்றுவிடும்.

இனிப் பாலத்துக்கு வருவோம். தொங்கு பாலமும் ஒருவகை ஊஞ்சலே. அது மேலும் கீழும் அசைவதற்கும் உரிய காலம் உண்டு. அணிவகுத்து நடக்கும் படைவீரர் நிமிடத்துக்குச் சுமார் 120 அடிகள், அதாவது செக்கனுக்கு இரண்டு அடிகள், ஒரேசமயத்தில் வைக்கின்றனர். பாலமும் செக்கனுக்கு இருமுறை அசையும் இயல்புடையதாயின், அத்தனை கால்களும் அச்சிறுமியின் கைகளாகிவிடும். கனத்த கற்பாலங்கள் எளிதில் வளையாதவை. ஆதலால் அவற்றுக்கு இவ்வச்சம் இல்லை.

1831ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகில், புரோட்டன் தொங்கு பாலத்தில் இதுவே நிகழ்ந்தது. பயிற்சி முடித்துத் திரும்பிய 74 வீரர்கள், நால்வர் நால்வராகப் பாலத்தில் ஏறினர். தம் காலடிக்கு ஏற்பப் பாலம் துள்ளுவதைக் கண்ட அவர்கள் அதனை வேடிக்கையாகக் கொண்டு, சீழ்க்கையடித்தவாறு மேலும் ஒழுங்காக அடிவைத்தனர். திடீரெனத் துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசை எழுந்தது. பாலத்தின் ஒரு முனை சரிந்தது. சுமார் 40 பேர் ஆற்றில் வீழ்ந்தனர். அவ்விடத்தில் நீர் ஆழமற்றிருந்தமையால் உயிரிழப்பு நேரவில்லை. எனினும் ஏறக்குறைய 20 பேர் காயமுற்றனர். சங்கிலியை நிலத்தோடு பிணைத்திருந்த ஆணியொன்று முறிந்திருந்ததும், அது செவ்வனே செய்யப்படாததும் பின்னர் தெரியவந்தன. பரிவு மட்டுமே பாலத்தை வீழ்த்தவில்லை. மறைந்திருந்த பழுதைத் தேடிப்பிடித்து முறித்தது. அதன்பின் பாலங்களில் அடி ஒத்து நடவாது கலைந்து செல்லுமாறு பிரித்தானியப் படையினருக்குக் கட்டளை பிறந்தது.

ஆனால் கலைந்து நடப்பதும் எக்காலும் காப்பன்று. இலண்டனில் 2000ஆம் ஆண்டு ஜூனில் திறக்கப்பட்ட மில்லேனியம் நடைபாலத்தில் எவரும் அணிவகுக்கவில்லை. பாலம் பக்கவாட்டில் இலேசாக அசைய, மக்கள் விழாதிருக்கக் கால்களை அகற்றி அதன் அசைவுக்கேற்ப நடந்தனர். அந்நடையே ஆட்டத்தை வளர்த்தது. இரண்டு நாட்களில் மூடப்பட்ட பாலம், அசைவைத் தின்னும் தணிப்பான்கள் பொருத்தப்பட்ட பின்னரே 2002இல் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆற்றைக் கடக்கும் தொங்கு நடைபாலத்தில் சிறுவர் கூடிக் குதிப்பதைக் காணின், நாம் சிரித்துக்கொண்டு நிற்றல் ஆகாது. எந்தப் பாலமும் சற்று அசையும், அதில் தவறில்லை. அடிக்கு அடி அசைவு வளர்ந்தால் அதுவே எச்சரிக்கை. அப்போது ஓடாது, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அனைவரும் அசையாது நிற்கவேண்டும். உந்துவோர் நிறுத்திவிட்டால் ஊஞ்சல் தானே அடங்கும். அடங்கிய பின்னர் ஒருவர்பின் ஒருவராக, இடைவெளிவிட்டு நடந்தால் போதும்.