ஒன்றேகால் பங்குப் பிரசாதம்

மாட்டுங்காவில் தமிழர், மராத்தியர், குஜராத்தியர் மூவர் இல்லங்களிலும் பௌர்ணமி மாலையில் சத்தியநாராயண பூஜையைக் காணலாம். எங்கள் இல்லத்தில் அரிசி பரப்பிக் கலசம் நிறுத்தி, மாவிலையும் தேங்காயும் வைத்து, துளசியால் அர்ச்சித்தபின் ஐந்து அத்தியாயக் கதையைப் படிக்கின்றோம்.

பிரசாதத்திற்கு ‘ஸபாத பக்ஷ்யம்’ என்று பெயர். ‘ஸபாதம்’ என்றால் காலோடு கூடியது, அதாவது ஒன்றேகால். மராத்தியரின் ‘சவ்வா’வும் அதுவே. ரவை, சர்க்கரை, நெய் ஒவ்வொன்றும் ஒன்றேகால் பங்கு. ரவையை நெய்யில் மணம் வர வறுத்து, மசித்த வாழைப்பழம் சேர்த்து, கொதிக்கும் பாலை ஊற்றுவோம். பால் மட்டும் ரவையைப்போல் இருமடங்காவது வேண்டும். குறைந்தால் ரவை வேகாது. ரவை மலர்ந்த பிறகே சர்க்கரை. முந்திப் போட்டால் சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரவை பல்லில் நறநறக்கும்.

இதை எவருக்கும் மறுக்காமல் வழங்குவதேன்? கடைசி அத்தியாயத்தில், ஆயர்கள் தந்த பிரசாதத்தைத் துங்கத்துவச மன்னன் அலட்சியமாக விட்டுச் செல்கிறான். மக்களையும் செல்வத்தையும் இழக்கிறான். திரும்பி வந்து ஆயர்களோடு வழிபட்டு உண்டபின்பே அவற்றைப் பெறுகிறான். ஆதலால் நண்பர்களே, வாசலுக்கு வந்தவர் யாவர் என்று கேளாமல் முதற்பிடியை அவர் கையில் வைப்பதும் இப்பூஜையின் ஓர் அங்கமே.