முடிந்த வேலையின் தலையில் மூன்றெழுத்து

குபர்நெட்டீஸ் என்பது ஆயிரக்கணக்கான சர்வர்களில் ஓடும் செயலிகளை மேய்க்கும் மென்பொருள். 2014-இல் கூகுள் அதை எல்லோருக்குமாகத் திறந்துவிட்டது. அதில் ஒரு பிழையைத் திருத்த நினைப்பவர், திருத்தத்தைத் தனியே எழுதி, "இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கிட்ஹப் தளத்தில் விண்ணப்பம் வைக்க வேண்டும். அதன் பெயர் புல் ரிக்வெஸ்ட்.

வேலை பாதியில் இருக்கும்போதே விண்ணப்பத்தைப் போட்டு, மற்றவர்களின் கருத்தைக் கேட்பது நெடுநாள் வழக்கம். அப்போது தலைப்பின் முன்னால் `WIP` என்று எழுதிவிடுவார்கள். "வேலை நடக்கிறது, இன்னும் சேர்த்துவிடாதீர்கள்" என்று அதற்குப் பொருள். கிட்ஹப்பைப் பொறுத்தவரை அது வெறும் எழுத்துதான், எதையும் தடுக்காது. இணைப்பதை உண்மையிலேயே தடுக்கும் 'டிராஃப்ட்' நிலை 2019-இல்தான் வந்தது. ஆனாலும் கைப்பழக்கம் போகவில்லை.

குபர்நெட்டீஸில் ப்ரோ என்ற ரோபோ நிரல் ஒவ்வொரு தலைப்பையும் படிக்கிறது. அது தேடும் வடிவம் இது:

```
(?i)^\W?WIP\W
```

தலைப்பின் தொடக்கத்தில் அடைப்புக்குறி போல ஒரே ஒரு குறி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அடுத்து அந்த மூன்றெழுத்து வர வேண்டும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது பொருட்டல்ல. அதை ஒட்டி எழுத்தல்லாத ஏதாவது ஒன்று வர வேண்டும். `[WIP] Fix volume cleanup` சிக்கும். `Wiping old volumes` சிக்காது, ஏனென்றால் அங்கே ஒரு சொல் தொடர்கிறது. `Fix volume cleanup (WIP)` என்பதும் சிக்காது. முடியாத வேலை என்று எழுதியவரே சொல்லியிருந்தும், குறி கடைசியில் இருப்பதால் ரோபோவின் கண்ணில் படுவதில்லை.

சிக்கிய விண்ணப்பத்தின் மேல் `do-not-merge/work-in-progress` என்ற லேபிள் ஒட்டப்படும். அது இருக்கும்வரை, இணைக்கும் வேலையைச் செய்யும் டைட் என்ற இன்னொரு ரோபோ அந்த விண்ணப்பத்தைத் தொடாது.

ஒருவர் பிப்ரவரியில் திருத்தத்தைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சோதனைகள் எல்லாம் பச்சை காட்டுகின்றன. டிராஃப்ட் நிலையையும் எடுத்துவிடுகிறார். பார்வையிட்ட இருவர் `lgtm`, `approved` என்று ஒப்புதல் தந்துவிட்டார்கள். இது நடந்த நாள் மார்ச் 1. தலைப்பில் மட்டும் `[WIP]` அப்படியே நிற்கிறது. டிராஃப்டாக இருந்தாலும் சரி, தலைப்பில் குறி இருந்தாலும் சரி, இரண்டில் ஒன்று போதும், லேபிள் போகாது. எழுதியவர் ஒப்புதல் வந்துவிட்டது, தானாக இணைந்துவிடும் என்று இருக்கிறார். பார்வையிட்டவர்களோ அவர் இன்னும் ஏதோ செய்யப்போகிறார் என்று நினைக்கிறார்கள். இரு பக்கமும் நல்லெண்ணத்தோடு காத்திருக்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் தருவதும் அதுதான்.

காத்திருக்கும்போது நாட்கள் எண்ணப்படுகின்றன. 90 நாள் அசைவில்லை என்றால், மே 30 அன்று `lifecycle/stale` லேபிள் விழும். மேலும் 30 நாள் போனால், ஜூன் 29-இல் `lifecycle/rotten`. இன்னும் 30 நாள், ஜூலை 29-இல் விண்ணப்பமே மூடப்படும். நல்ல திருத்தம் குப்பையோடு குப்பையாகப் போய்விடும்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிது. பக்கத்தின் அடியில் `tide` என்ற வரியில், எந்த லேபிள் தடுக்கிறது என்று எழுதியிருக்கும். பலர் அதுவரை போய்ப் படிப்பதில்லை.

ஒவ்வொன்றாகத் திறக்காமல் மொத்தமாகத் தேடிப் பார்க்க, கிட்ஹப் தேடல் பெட்டியில் இப்படிக் கொடுக்கலாம்:

```
is:pr is:open draft:false WIP in:title
```

டிராஃப்ட் அல்லாதவை, ஆனால் தலைப்பில் குறி உள்ளவை வரும். கடைசியில் குறி வைத்தவையும் இதில் அகப்படும். பட்டியல் கிடைத்ததும் 'கடைசியாக மாறிய நாள்' என்பதை நம்பி வரிசைப்படுத்துவது தவறு. ரோபோ ஒரு கருத்துப் போட்டாலே அந்த நாள் புதிதாகிவிடும். ஆறு மாதம் தொடப்படாத விண்ணப்பம் நேற்று உயிரோடு இருந்ததாகக் காட்டும். உள்ளே திறந்து, கோடு கடைசியாக எப்போது மாறியது, ஒப்புதல் அதற்குப் பின் வந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். கோடு மாறிய பின் ஒப்புதல் வந்து, சோதனையும் தேறியிருந்தால், குறி மறதியாக நிற்பதற்கே வாய்ப்பு அதிகம்.

எழுதியவர் தலைப்பைத் திருத்தினால் ரோபோ லேபிளைத் தானே கழற்றிவிடும். திட்டத்தின் உறுப்பினர்களும் `/retitle` என்று கட்டளையிட்டுத் தலைப்பை மாற்றலாம். ஆனால் அதற்கு முன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். இன்னும் எழுதப்படாத ஒரு சோதனையை மனதில் வைத்துத்தான் அவர் அந்தக் குறியை விட்டுவைத்திருக்கிறாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.