பிழை பூஜ்யமான பிறகு அலையை எழுப்புவது யார்?

கூரையில் பதித்த சூரியத் தகடுகள் தருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். தெருக்கம்பியில் இருப்பதோ நொடிக்கு 50 சுழற்சி வீதம் ஏறி இறங்கும் சைன் அலை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் இன்வெர்ட்டருக்கு ஒரே வேலைதான். கம்பியின் அலையோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு மின்னோட்டத்தை, கேட்ட அளவில், கேட்ட நேரத்தில் வெளியே தள்ள வேண்டும். உச்சத்தில் 10 ஆம்பியர் வேண்டுமென்றால், ஒவ்வொரு கணத்திலும் அந்த 10 ஆம்பியர் அலையின் மேலேயே மின்னோட்டம் நடக்க வேண்டும்.

இதைக் கவனிப்பது இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கன்ட்ரோலர். ஓட வேண்டிய மின்னோட்டத்தையும் ஓடுகிற மின்னோட்டத்தையும் அது கழித்துப் பார்க்கும். அந்த வித்தியாசம்தான் பிழை. பிழையைப் பார்த்து, எவ்வளவு வோல்ட் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும். அந்த வோல்ட் ஒரு காயில் வழியாகக் கம்பியில் போய்ச் சேரும்.

மிக எளிய கன்ட்ரோலர் பிழையை ஓர் எண்ணால் பெருக்கி அப்படியே வெளியிடும். 1 ஆம்பியர் பிழைக்கு 15 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். காயிலின் அளவு 5 மில்லிஹென்றி. நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் உச்சத்தில் 325 வோல்ட்டைத் தொடும். கம்பிக்குள் மின்னோட்டத்தைத் தள்ள, இன்வெர்ட்டரும் ஏறத்தாழ அதே 325 வோல்ட் அலையைத் தானே உண்டாக்கி எதிரே நிறுத்த வேண்டும். ஒரு ஆம்பியருக்கு 15 வோல்ட் தரும் கன்ட்ரோலர் 325 வோல்ட் தர எவ்வளவு பிழை வேண்டும்? 21 ஆம்பியருக்கும் மேல்! கேட்டதே 10 ஆம்பியர்தான். கணக்கைப் போட்டுப் பார்த்தால் மின்னோட்டம் தலைகீழாகத் திரும்பி, கூரையிலிருந்து வெளியே போக வேண்டிய மின்சாரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது.

பெருக்கும் எண்ணைக் கூட்டினால் என்ன என்று தோன்றும். கூட்டலாம், ஆனால் ஓரளவுக்குத்தான். நொடிக்கு 10,000 முறை கணக்கிடும் ஒரு கன்ட்ரோலர், அளந்து, கணக்கிட்டு, ஸ்விட்சுகளை இயக்கி முடிப்பதற்குள் ஏறத்தாழ 150 மைக்ரோ நொடி கடந்துவிடும். இந்தத் தாமதத்தால், பெருக்கும் எண் 50ஐ நெருங்கும்போதே சுற்று முழுவதும் தானாக அலைபாயத் தொடங்கிவிடுகிறது. அந்த விளிம்பில் நின்றாலும் பிழை 6 ஆம்பியருக்குக் குறையாது.

இங்கே ஒரு கேள்வியை நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். பிழை முற்றிலும் பூஜ்யமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கன்ட்ரோலருக்குள் வருவது பூஜ்யம். ஆனால் அதிலிருந்து வெளியே போக வேண்டியது 325 வோல்ட் உச்சமுள்ள, ஓயாத சைன் அலை. உள்ளே ஒன்றும் வராதபோது வெளியே ஓர் அலை வர வேண்டுமென்றால், அந்த அலை கன்ட்ரோலருக்குள்ளேயே பிறந்தாக வேண்டும். பெருக்கி மட்டும் செய்யும் கன்ட்ரோலரால் இது முடியாது. பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஆகவே அதற்குப் பிழை தேவைப்படுகிறது. பிழை இருந்தால்தான் அதற்குப் பேச்சே வரும்.

மாறாத இலக்குக்கு இந்தச் சிக்கலைப் பொறியாளர்கள் வெகுகாலம் முன்பே தீர்த்துவிட்டார்கள். வந்த பிழையையெல்லாம் கூட்டிச் சேர்த்து வைக்கும் இன்டெக்ரேட்டர் என்ற உறுப்பைக் கூடவே வைத்தார்கள். பிழை பூஜ்யமானால் கூட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, ஆனால் சேர்ந்த தொகை அப்படியே நிற்கும். மாறாமல் நிற்கும் ஓர் எண்ணைப் பிழையின் உதவியின்றியே அது வெளியிட்டுக்கொண்டிருக்கும். அதாவது, மாறாத இலக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பது இன்டெக்ரேட்டருக்குள் அடங்கியிருக்கிறது.

அதே இன்டெக்ரேட்டரைச் சைன் அலைக்கு வைத்தால்? அரைச் சுழற்சியில் சேர்த்ததை அடுத்த அரைச் சுழற்சி கழித்துவிடும். நம் எடுத்துக்காட்டில் வழக்கமான அளவில் ஓர் இன்டெக்ரேட்டரைச் சேர்த்தால் பிழை 21 ஆம்பியரிலிருந்து 16 ஆம்பியருக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடுகிறது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதற்குக் கீழே இறங்காது. இன்டெக்ரேட்டருக்குத் தெரிந்தது நிலையாக நிற்பது மட்டும்தான், ஆடத் தெரியாது.

ஆடத் தெரிந்த உறுப்பு எப்படி இருக்கும்? இரண்டு இன்டெக்ரேட்டர்களை எடுத்து, முதலாவதின் தொகையை இரண்டாவதுக்கும், இரண்டாவதின் தொகையைக் குறி மாற்றி முதலாவதுக்கும் ஊட்டினால் போதும். ஒன்று ஏறும்போது மற்றது அதை இழுத்து இறக்கும். இரண்டும் மாறி மாறித் தள்ளிக்கொண்டு, ஊட்டும் அளவைப் பொறுத்த ஒரு வேகத்தில் ஓயாமல் ஆடும். அந்த வேகத்தை நொடிக்கு 50 என்று அமைத்துவிட்டால், இதுவே 50 ஹெர்ட்ஸ் சைன் அலையின் மாதிரி. ஏன் இரண்டு வேண்டும்? ஒரு சைன் அலையின் வேகம் தெரிந்திருந்தாலும், அது எவ்வளவு உயரம், எந்தக் கணத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற இரண்டு செய்திகளையும் நினைவில் வைத்தாக வேண்டும். ஒற்றைத் தொகையில் அவ்விரண்டும் அடங்காது. பொறியாளர்கள் இந்த ஜோடியை ரெசனன்ட் உறுப்பு என்பார்கள்.

உராய்வே இல்லாத ஓர் ஊஞ்சலைப்போலத்தான் இது நடந்துகொள்கிறது. ஊஞ்சலின் தாளத்தோடு ஒட்டித் தள்ளினால், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஆட்டம் கொஞ்சம் கூடும். தள்ளுவதை நிறுத்தினால் ஆட்டம் எட்டிய உயரத்தில் அப்படியே தொடரும். பிழையில் 50 ஹெர்ட்ஸ் அலை மிச்சமிருக்கும்வரை ரெசனன்ட் உறுப்பின் அலை மாறிக்கொண்டே இருக்கும். அது சரியான உயரத்தையும் சரியான கட்டத்தையும் எட்டும்போது மின்னோட்டம் இலக்கின் மேல் படிந்துவிடும், பிழை மறையும். அதற்குப் பிறகு 325 வோல்ட் அலையை எழுப்புவது பிழையல்ல, அந்த உறுப்பின் நினைவு. நம் எடுத்துக்காட்டில் பொருத்தமான அளவு வைத்தால் இது முழுவதும் மூன்று நான்கு சுழற்சிகளுக்குள், அதாவது 80 மில்லி நொடிக்குள் நடந்து முடிகிறது.

மாற்று வழி இல்லையா? கம்பியின் வோல்ட்டை அளந்து, அதை நேரடியாகக் கன்ட்ரோலரின் வெளியீட்டோடு கூட்டிவிட்டால், 325 வோல்ட்டில் பெரும்பகுதி பிழையின்றியே கிடைத்துவிடும். இதை இன்வெர்ட்டர்களில் செய்கிறார்கள், பயனும் உண்டு. ஆனால் அளக்கும் கருவி 2 சதவீதம் தவறினால் 6.5 வோல்ட் மிஞ்சும். எளிய கன்ட்ரோலரில் அது 0.4 ஆம்பியர் பிழையாகும். காயில் சூடேறினாலும், அதன் இரும்புக் கரு நிறைவை நெருங்கினாலும் கணக்கு மேலும் விலகும். எல்லா அளவுகளும் துல்லியமாகத் தெரிந்தால் முன்கூட்டிய கணக்கும் பூஜ்யப் பிழையைத் தரும். அளவுகள் சற்றே மாறினாலும் பூஜ்யமாகவே இருக்க வேண்டும் என்று கேட்டால்தான் உள்ளே மாதிரி கட்டாயமாகிறது. இதைக் கணிதத்தில் நிறுவிக் காட்டியவர்கள் புரூஸ் பிரான்சிஸ், முர்ரே வோன்ஹாம் என்ற இருவர். 1976இல் ‘ஆட்டோமேட்டிகா’ இதழில் வந்த அவர்களின் கட்டுரைக்கு ‘உள்மாதிரிக் கோட்பாடு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

மும்முனை இன்வெர்ட்டர் அமைப்பவர்கள் இங்கே குறுக்கிடலாம். அவர்கள் பயன்படுத்துவது சாதாரண இன்டெக்ரேட்டர்தான், பிழையும் பூஜ்யமாகிறது. உண்மைதான். ஆனால் அவர்கள் முதலில் மூன்று அலைகளையும் 50 ஹெர்ட்ஸில் சுழலும் ஓர் அச்சிலிருந்து பார்க்கிறார்கள். கூடவே சுழன்று பார்ப்பவருக்கு அலை நிலையாக நிற்பதுபோல் தெரியும், இன்டெக்ரேட்டர் போதுமாகிவிடும். கணக்கு முடிந்ததும் விடையை மீண்டும் சுழற்றி வெளியே தருகிறார்கள். அந்தச் சுழற்சிதான் அங்கே சைன் அலையின் மாதிரி. இடம் மாறியிருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

மாதிரி எவ்வளவு சரியாக இருக்க வேண்டும் என்பதில்தான் நடைமுறையின் சங்கடங்கள் வருகின்றன. இந்திய மின்தொகுப்பின் அதிர்வெண் 49.90 ஹெர்ட்ஸுக்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையே இருக்க வேண்டும் என்பது விதி. ரெசனன்ட் உறுப்பை 50 ஹெர்ட்ஸில் பூட்டிவிட்டு, தொகுப்பு 49.90இல் ஓடினால், நம் எடுத்துக்காட்டில் பிழை சுமார் 0.14 ஆம்பியர் ஆகிறது. 21 ஆம்பியரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை, ஆனாலும் பூஜ்யம் இல்லை. அதனால் நல்ல இன்வெர்ட்டர்கள் தொகுப்பின் அதிர்வெண்ணை இடைவிடாமல் அளந்து, உள்ளே ஆடும் ஜோடியின் வேகத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டிருக்கும்.

மென்பொருளாக எழுதும்போது இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. நொடிக்கு 10,000 முறை கணக்கிட்டால் 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுழற்சிக்கு 200 அடிகள். ஒவ்வோர் அடியிலும் அந்த ஜோடி எண்களை வட்டத்தின் மேல் சரியாக 1.8 பாகை சுழற்ற வேண்டும். அவசரத்தில் வட்டத்துக்குப் பதிலாகத் தொடுகோட்டின் வழியே ஓர் அடி வைத்து எழுதிவிட்டால், ஒவ்வோர் அடியும் வட்டத்துக்குச் சற்று வெளியே விழும். அடிக்கு 0.05 சதவீதம்தான் விலகல். ஆனால் தனியே விட்டால் ஒரு நொடியில் அந்த அலை சுமார் 138 மடங்கு பெருகிவிடும். பின்னூட்டம் அதைப் பிடித்து நிறுத்தும் என்றாலும், உள்ளே இருப்பது இனி உண்மையான சைன் அலை அல்ல. வளரும் ஓர் அலை. நம் கணக்கில் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் பிழை நிரந்தரமாகத் தங்கிவிடும். அதிர்வெண் சரியாக இருந்தும் பிழை போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த வரிகள்தான்.

கம்பி அறுந்தோ, தொகுப்பு நின்றோ போனால் வேறு தொல்லை. பிழை எப்படியும் தீராது என்பது தெரியாமல் உள்ளே இருக்கும் ஊஞ்சல் ஏறிக்கொண்டே போகும். அதனால் இன்வெர்ட்டர் துண்டிக்கப்பட்டவுடன் அந்த இரண்டு எண்களையும் பூஜ்யமாக்கிவிட வேண்டும்.

இவ்வளவையும் சரி செய்த பிறகு அலைகாட்டியில் பிழையை மட்டும் தனியே பெரிதாக்கிப் பார்த்தால், அங்கே இன்னும் ஏதோ ஓர் அலை ஆடிக்கொண்டிருக்கும். அளந்தால் பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸ் அல்லது 250 ஹெர்ட்ஸ் இருக்கும். தெருக்கம்பியில் ஓடும் அலை சுத்தமான சைன் அல்ல, அந்த மடங்குகளும் அதில் கலந்திருக்கின்றன. 50 ஹெர்ட்ஸுக்கு மட்டும் மாதிரி வைத்த கன்ட்ரோலர் 50 ஹெர்ட்ஸை மட்டும்தான் துடைக்கும். 150க்கு ஒன்று, 250க்கு ஒன்று என்று தனித்தனி ஜோடிகளைச் சேர்த்தால் அவையும் மறையும். ஆனால் 350, 450 என்று மேலே போகப் போக, முன்பு பார்த்த தாமதம் குறுக்கே வந்து சுற்றை மீண்டும் அலைபாய வைக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் தாமதத்தை ஈடுகட்ட வேண்டியிருக்கும். எனவே ஒரு கன்ட்ரோலருக்குள் எந்த மாதிரி விடுபட்டிருக்கிறது என்று அறிய அதன் வரைபடத்தைத் தேட வேண்டியதில்லை. பிழையில் எந்த அதிர்வெண் மிஞ்சுகிறதோ, அதற்குத்தான் உள்ளே இன்னும் சரியான மாதிரி இல்லை.